முதல் நிமிடத்திலேயே முடிவு

ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு முடிந்ததும், ஜூலை இரண்டாம் வாரத்தில் பல நிறுவனங்களில் ஒரே மாதிரியான கூட்டம் நடக்கும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், செபி விதிப்படி காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும். அதாவது ஆகஸ்ட் 14க்குள். அதற்கு முன்பாக ஒவ்வொரு பிரிவின் மேலாளரும் நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர், விற்பனைத் தலைவர் ஆகியோர் முன் நின்று தன் பிரிவின் கணக்கை ஒப்பிக்க வேண்டும். பட்டியலிடப்படாத குடும்ப நிறுவனங்களிலும் இந்தக் கூட்டம் உண்டு. தேதி மட்டும்தான் முன்பின் ஆகும்.

அந்த அறையில் பெரும்பாலும் நடப்பது இது. மேலாளர் இருபது ஸ்லைடு தயாரித்து வருகிறார். முதலில் சந்தை நிலவரம், அடுத்து மாதவாரி விற்பனை, பிறகு மாநிலவாரி, மாடல்வாரி, செலவு, லாபம். கடைசி ஸ்லைடில் முடிவும் கோரிக்கையும். மூன்றாவது ஸ்லைடிலேயே ஒருவர் குறுக்கிடுகிறார். இன்னொருவர் கையிலுள்ள அச்சுப் பிரதியைப் புரட்டிப் பதினைந்தாம் பக்கத்துக்குப் போய்விடுகிறார். அரை மணி நேரம் முடியும்போது ஒன்பதாவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும். “சரி, இப்ப நீங்க என்னதான் சொல்ல வர்றீங்க?” என்று நிர்வாக இயக்குநர் கேட்டால், காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

மேலதிகாரிகளுக்குப் பொறுமை இல்லை என்று மேலாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் காரணம் வேறு. முடிவு தெரியாமல் எண்களை மட்டும் பார்க்கும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் தன் மனதில் ஒரு காரணத்தைப் பொருத்திப் பார்ப்பார். மே மாத விற்பனை இறங்கியிருப்பதைப் பார்த்ததும் ஒருவர் போட்டி நிறுவனத்தை நினைப்பார், இன்னொருவர் விலையை நினைப்பார், மற்றொருவர் விற்பனை ஆட்களை நினைப்பார். கேள்விகள் நாலா திசையிலிருந்தும் வருவதற்கு அதுதான் காரணம். முடிவை முதலில் சொல்லிவிட்டாலும் கேள்விகள் நிற்காது. ஆனால் எல்லாக் கேள்வியும் அந்த முடிவைச் சோதிக்கும் கேள்வியாக இருக்கும். அவற்றுக்குத் தயாராக முடியும்.

இதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். நிறுவனம் கற்பனைதான்; எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சூழ்நிலை மட்டும் நிஜம். கோயம்புத்தூரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பம்ப் செய்யும் ஒரு பிரிவு. 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டு. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கியது. 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் தொடங்கியது அப்போதுதான். பம்ப் வியாபாரத்துக்குக் கோடைதான் சீசன். மழை முந்தினால் டீலர்கள் சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பிரிவின் காலாண்டு இலக்கு 48 கோடி. விற்றது 43.2 கோடி. குறைவு 4.8 கோடி, அதாவது பத்து சதவீதம். இந்தக் குறைவைப் பிரித்தால் மூன்று துண்டு. கர்நாடக, மகாராஷ்டிர டீலர்கள் மே கடைசியிலும் ஜூனிலும் எடுக்காமல் விட்டது 3.1 கோடி. ஜூன் கடைசியில் கப்பல் ஏற வேண்டிய ஓர் ஏற்றுமதிச் சரக்கு ஜூலை 2 அன்று ஏறியதால் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது 1.2 கோடி. அங்கங்கே சில்லறையாகக் குறைந்தது 50 லட்சம்.

இந்த மூன்று துண்டும் காரணங்கள். மேலதிகாரிக்கு வேண்டியது அடுத்த படி: போனதில் எது திரும்ப வரும், எது வராது? ஏற்றுமதியின் 1.2 கோடி ஜூலையிலேயே வந்துவிட்டது. டீலர்கள் விட்டதில் ஒரு கோடி அக்டோபர்–டிசம்பரில், ரபி பருவத்தில் திரும்பலாம். மீதி 2.6 கோடி போனது போனதுதான். ஆகவே 190 கோடி என்றிருந்த ஆண்டுக் கணிப்பு 187.4 கோடியாகிறது. இந்தக் கணக்குக்குப் பிறகுதான் மேலாளருக்கே தன் முடிவு என்னவென்று தெரியும். பலருடைய சிக்கல் பேச்சில் இல்லை. முடிவு என்ன என்று உட்கார்ந்து யோசிக்காமலேயே ஸ்லைடு போடத் தொடங்கிவிடுவதில் இருக்கிறது.

அப்படியானால் முதல் நிமிடம் இப்படி இருக்கும்:

“முதல் காலாண்டு விற்பனை 43.2 கோடி. இலக்கைவிட 4.8 கோடி குறைவு. முக்கியக் காரணம், மழை முந்தியதால் கர்நாடகா, மகாராஷ்டிரா டீலர்கள் சரக்கு எடுக்கவில்லை. இதில் 2.2 கோடி இந்த ஆண்டுக்குள் திரும்பும், 2.6 கோடி திரும்பாது. அதனால் ஆண்டுக் கணிப்பை 187.4 கோடியாகக் குறைக்கிறோம். குடோனில் இரண்டு மாடல்களின் சரக்கு ஒன்பது வாரத்துக்கு இருக்கிறது. வழக்கமாக ஐந்து வாரம்தான் வைப்போம். ஜூலை, ஆகஸ்டில் அந்த இரண்டு மாடல்களின் உற்பத்தியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க இன்று உங்கள் அனுமதி வேண்டும்.”

என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன ஆகும், உங்களிடம் என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. எத்தனை ஸ்லைடு இருந்தாலும் திரையில் முதலில் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான். அதன் தலைப்பும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். “முதல் காலாண்டு விற்பனை – ஓர் ஆய்வு” என்ற தலைப்பில் ஒரு செய்தியும் இல்லை. “மழை முந்தியதால் 4.8 கோடி குறைந்தது, 2.6 கோடி திரும்பாது” என்றால் படித்தவுடன் விஷயம் தெரிகிறது. மாதவாரி, மாநிலவாரி அட்டவணைகள் பின்னிணைப்பில் இருக்கட்டும். கேட்டால் திறக்கலாம், கேட்காவிட்டால் தேவையில்லை.

இந்த முறையை ஒழுங்காக எழுதி வைத்தவர் பார்பரா மின்டோ. 1963இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்து, மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் அந்தப் பட்டத்துடன் சேர்ந்த முதல் பெண் அவர். 1966இல் லண்டன் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஆலோசகர்களின் அறிக்கை எழுதும் முறையைத் திருத்துவதுதான் அவர் வேலை. உச்சியில் ஒரே ஒரு முடிவு, அதன் கீழே அதைத் தாங்கும் சில காரணங்கள், ஒவ்வொரு காரணத்தின் கீழும் அதற்கான ஆதாரம் என்று பிரமிடு வடிவில் எண்ணத்தை அடுக்கச் சொன்னார். மேல் வாக்கியத்தைக் கேட்டதும் கேட்பவர் மனதில் எழும் கேள்விக்குக் கீழ்வரிசை பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. கூட்ட அறையில் யாரோ கையைத் தூக்கிக் கேட்கும் கேள்வியும் அதேதான். நாம் அடுக்கி வைத்திருக்கும் வரிசைக்கு அவர் தானாகவே இறங்கி வருகிறார். அதனால்தான் குறுக்கீடு என்பது பேச்சுக்கு நேர்ந்த இடையூறு இல்லை என்கிறேன். முடிவை முதலில் சொன்னவருக்கு அது பேச்சின் அடுத்த பகுதி.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். முதலில் சொல்லும் முடிவு, கீழே இருக்கும் ஆதாரத்தின் உண்மையான முடிவாக இருக்க வேண்டும். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் பாதிப்பைக் கணக்கிட்டு நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், கணக்கீடு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும். அதே ஸ்லைடின் கடைசி வரியில், சிறிய எழுத்தில் வேறு விஷயம் இருந்தது: சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியது 1,920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு. அதாவது அந்தச் சோதனைகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான முடிவு. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் திரும்பவில்லை. ஸ்லைடு அந்த விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஆனால் ஒரு மூத்த மேலாளர் அதைப் படித்தும் உயிருக்கு ஆபத்து இருப்பதை உணராமல் போக வாய்ப்புண்டு என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அந்த ஸ்லைடை வரிவரியாக அலசியவர், தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் பெயர்பெற்ற பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி.

பம்ப் பிரிவிலும் இந்த ஆபத்து உண்டு. “ஏற்றுமதி வலுவாக இருக்கிறது, உள்நாட்டில் தற்காலிகத் தொய்வு” என்று தலைப்புப் போடலாம். அதில் பொய் இல்லை. ஆனால் 2.6 கோடி திரும்பாது என்ற செய்தி அடியில் போய்விடும். அக்டோபரில் அது மேலே வரும்போது எண்ணை மட்டும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், மேலாளரின் வார்த்தையையே கேள்வி கேட்பார்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. தலைப்பை எழுதிய பிறகு, ஸ்லைடின் மிகச் சிறிய எழுத்தில் உள்ள வரியை எடுத்து, “இது தெரிந்தால் தலைப்பு மாறுமா?” என்று கேட்டுப் பார்ப்பது. மாறும் என்றால் அந்த வரிதான் தலைப்பு.

கூட்டத்துக்கு முன் இரண்டு பேரைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதலாமவர் நிதித் தலைவர். நம் கணக்கில் 43.2 கோடி. விற்பனைப் பிரிவின் தாளில் 44.4 கோடி இருக்கும். ஏனென்றால் அந்த ஏற்றுமதி கன்டெய்னர் ஜூன் 27 அன்றே தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிவிட்டது. விற்பனைப் பிரிவு அனுப்பிய நாளைக் கணக்கில் எடுக்கிறது. சரக்கு கப்பலேறும்போதுதான் வாங்குபவர் பொறுப்புக்குப் போகிறது என்பது ஒப்பந்தமானால், கணக்குப் பிரிவு தூத்துக்குடியில் கப்பலேறிய ஜூலை 2ஐத்தான் எடுக்க முடியும். இரண்டு எண்ணுக்கும் நியாயம் உண்டு. ஆனால் கூட்டத்தில் ஒருவர் “என் ஷீட்ல 44.4 இருக்கே?” என்று ஆரம்பித்தால் பதினைந்து நிமிடம் போய்விடும், அதற்கப்புறம் வரும் எந்த எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள். முந்தின நாளே நிதித் தலைவரோடு உட்கார்ந்து எந்த எண் என்று முடிவுசெய்து, ஸ்லைடின் அடியில் ஒரு வரியில் வித்தியாசத்தை எழுதிவிட்டால் போதும்.

இரண்டாமவர் விற்பனைத் தலைவர். 2.6 கோடி திரும்பாது என்ற செய்தி அவர் தலையில்தான் விழுகிறது. அதை அவர் முதன்முதலாக நிர்வாக இயக்குநர் முன்னால் கேட்கக் கூடாது. கேட்டால், எண் சரியாகவே இருந்தாலும் எதிர்த்துத்தான் பேசுவார். மனித இயல்பு அது. முன்கூட்டியே போய், “சார், நான் இப்படித்தான் சொல்லப்போறேன், இதுல ஏதாவது தப்பா இருக்குங்களா?” என்று கேட்டால், அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எந்த இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

இனி கூட்டம். முதல் நிமிடப் பேச்சு முடிவதற்குள்ளேயே நிதித் தலைவர் குறுக்கிடுகிறார்: “விற்பனை குறைஞ்சது 4.8. ஆனா லாபம் 1.44 குறைஞ்சிருக்கு. முப்பது சதவீதம் வருதே?”

கூர்மையான கேள்வி. இந்தப் பிரிவில் நூறு ரூபாய்க்கு விற்றால், மூலப்பொருள் போன்ற மாறும் செலவுகள் போக இருபத்தைந்து ரூபாய் நிற்கும். சம்பளமும் வாடகையும் விற்பனை குறைந்தாலும் குறையாது. ஆகவே 4.8 கோடி விற்பனை போனால் 1.2 கோடி லாபம் போக வேண்டும். போனதோ 1.44 கோடி. மீதி 24 லட்சம் எங்கே என்பதுதான் அவர் கேட்பது. இந்த இடத்தில் “அது பன்னிரண்டாவது ஸ்லைடில் வருது சார்” என்று சொல்வதைவிடத் தவறான பதில் இல்லை. கேட்டவருக்கு அது காத்திரு என்ற உத்தரவாகக் கேட்கும். பன்னிரண்டாவது ஸ்லைடு வரும்வரை அவர் வேறு எதையும் கவனிக்க மாட்டார். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு உடனே பதில் சொல்ல வேண்டும்:

“விற்பனைக் குறைவால போனது 1.2 கோடி மேடம். மீதி 24 லட்சம் காப்பர் வைண்டிங் ஒயர் விலை ஏறினதால. லாபம் இப்ப பத்து சதவீதம், பன்னிரண்டா இருந்திருக்கணும்.”

இவ்வளவுதான். காப்பர் சந்தையைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வாய் வரும், பேசக் கூடாது. பதில் முடிந்ததும் வாய் மூடுவது பதிலைவிடக் கடினம். நிதித் தலைவர் தலையசைத்ததும் விட்ட இடத்துக்குத் திரும்ப ஒரு வாக்கியம் வேண்டும்: “விற்பனையில போன அந்த 4.8 கோடியில, திரும்பாத 2.6 பத்திச் சொல்றேன்.” இந்த வாக்கியத்தை மறப்பவர்கள்தான் கேள்விகளின் பின்னால் அலைந்து, கோரிக்கையைச் சொல்லாமலேயே அறையை விட்டு வெளியே வருகிறார்கள்.

அடுத்து நிர்வாக இயக்குநர்: “கோலாப்பூர்ல மட்டும் எவ்வளவு போச்சு?”

மாவட்டக் கணக்கு கையில் இல்லை. அடித்துவிட்டால் ஆபத்து, அந்த அறையில் அந்த எண் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். “மாவட்டவாரியா இப்ப என்கிட்ட இல்லைங்க சார். மாநில அளவுல மகாராஷ்டிரா 1.9, கர்நாடகா 1.2. கோலாப்பூர் கணக்கை இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள அனுப்பிடறேன்.” இல்லை என்று சொல்லிவிட்டு, இருப்பதில் மிக அருகில் உள்ளதைக் கொடுத்து, நேரத்தையும் சொன்னால் போதும். நாலு மணிக்கு அனுப்பாவிட்டால் இந்தப் பதில் அடுத்த காலாண்டில் செல்லாது.

அடுத்த கேள்விதான் அடிவேரைத் தொடுவது. “ஒரு கோடி திரும்பி வரும்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

இதற்கு “ரபி பருவத்துல எப்பவும் வரும் சார்” என்பது பதிலாகாது. தெரிந்ததையும் மதிப்பிட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். “எட்டு டீலர்கள்கிட்ட பேசினோம். அவங்க உறுதியாச் சொன்னது 60 லட்சம். மீதி 40 லட்சம் எங்க மதிப்பீடு. போன வருஷ ரபி விற்பனையை வெச்சுப் போட்டது.” இப்படிப் பிரித்ததும் நிர்வாக இயக்குநர் தன் மனதில் 40 லட்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விட்டும்விடலாம். முடிவு அவருடையது. நாம் அவருக்கு அதற்கான பிடியைக் கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, இரண்டு மேலதிகாரிகள் தங்களுக்குள் வாதாடத் தொடங்குவது. விற்பனைத் தலைவர் டீலர்களுக்கு மூன்று சதவீதம் கூடுதல் தள்ளுபடி கொடுத்தால் குடோன் காலியாகும் என்கிறார். உற்பத்தித் தலைவர், லைனை இறக்கினால் திரும்ப ஏற்றுவது சிரமம் என்கிறார். மேலாளர் நடுவில் நிற்கிறார். உடனே புகுந்து யார் பக்கமாவது சாய்வதும் தப்பு, சுவரைப் பார்த்து நிற்பதும் தப்பு. ஒரு சுற்று பேசவிட வேண்டும். பல நேரம் நமக்குத் தெரியாத தகவல் அங்கேதான் கிடைக்கும். உற்பத்தித் தலைவரின் கவலையில் நிஜம் இருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பிவிட்டால் செப்டம்பரில் அதே ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். அதே வாதம் இரண்டாவது சுற்றுக்கு வரும்போது, எந்த முடிவுக்கு எந்தத் தேதி என்பதை மட்டும் எடுத்து வைக்கலாம்:

“சார், தள்ளுபடி பத்தி செப்டம்பர்ல கூட முடிவு பண்ணலாம். டீலர் குடோனும் நிரம்பித்தான் கிடக்கு. இப்ப தள்ளுபடி கொடுத்தா அக்டோபர்ல எடுக்கறதை முன்னாடியே எடுப்பாங்க, அவ்வளவுதான். ஆனா ஆகஸ்ட் உற்பத்தித் திட்டம் திங்கட்கிழமை ஷாப்புக்குப் போயாகணும். அதுக்கு மட்டும் இன்னைக்கு பதில் வேணும்.”

வாதத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது மேலாளரின் வேலை இல்லை. எதற்கு இன்றே பதில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக் காட்டுவது அவர் வேலை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முந்தைய பிரிவு இழுத்தடித்ததால் கிடைப்பது பன்னிரண்டு நிமிடமாக இருக்கும். இருபது ஸ்லைடையும் வேகமாக ஓட்டுபவர்கள் அந்தப் பன்னிரண்டையும் இழப்பார்கள். முதல் நிமிடப் பேச்சு ஒழுங்காக இருந்தால் நேரம் குறைந்ததால் நஷ்டமில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு மீதி பதினொரு நிமிடத்தையும் கேள்விகளுக்கு விட்டுவிடலாம். நிர்வாக இயக்குநருக்கு நடுவில் போன் வந்து அவர் எழுந்து போனாலும், அவர் காதில் விழ வேண்டியது விழுந்திருக்கும்.

நம் பம்ப் பிரிவுக்கு என்ன கிடைத்தது என்றால், கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஜூலைக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க அனுமதி. ஆகஸ்டுக்கு, சரக்கு எத்தனை வாரத்துக்கு இறங்கியிருக்கிறது என்று மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாக இயக்குநர் சொல்லிவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் யாரையும் அனுப்பாமல், ஜூலையில் ஏற்றுமதி மாடல் லைனுக்கு மாற்றச் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்குக் கோலாப்பூர் கணக்கு போகும்போது, அதே மின்னஞ்சலில் மேலே இந்த முடிவும், ஆகஸ்ட் பற்றிப் பேச வேண்டிய தேதியும், யார் எதைச் செய்வார்கள் என்பதும் நாலு வரியில் போகும். மாவட்ட அட்டவணை அதன் கீழே.